ஆறு மாதம் ஓடாமல் நிற்கும் பைக்: பேட்டரியைக் காக்க எந்த வழி?

என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். ஒருமுறை ஏறினால் ஆறு மாதம், சில வேளைகளில் ஏழு மாதம் கழித்தே தூத்துக்குடி திரும்புவான். அதுவரை அவனுடைய பைக் வீட்டின் பின்கட்டில், தகரக் கூரையின் கீழ் நிற்கும். பெட்ரோலுக்கும் டயருக்கும் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் எங்களைத் தடுமாற வைத்தது பேட்டரிதான். ஐந்தாறு பயணங்களில் நாங்கள் வெவ்வேறு வழிகளைக் கையாண்டு பார்த்தோம். அவற்றில் எது எதற்காகப் பயன்பட்டது, எது ஏமாற்றியது என்பதை, இதே முடிவை எடுக்க வேண்டியவர்களுக்காக இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன். பைக்கில் உள்ளது 12 வோல்ட், 9 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள, மூடிய வகை ஈய-அமில பேட்டரி. கடைக்காரர்கள் மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று சொல்லும் வகை.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், நிற்கும் பேட்டரி எதனால் கெடுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறும்போது அதன் இரண்டு வகைப் பிளேட்டுகளின் மேலும் ஈய சல்பேட் உருவாகிறது. இது நோய் அல்ல. அந்த பேட்டரி வேலை செய்யும் முறையே அதுதான். புதிதாக உருவான சல்பேட் மிக நுண்ணிய துகள்களாக இருப்பதால், சார்ஜ் ஏற்றும்போது எளிதில் கரைந்து, மீண்டும் ஈயமாகவும் ஈய டை ஆக்சைடாகவும் மாறிவிடுகிறது. ஆனால் அரைகுறை சார்ஜில் வாரக்கணக்கில் விட்டுவிட்டால் நுண்துகள்கள் கரைந்து பெரிய படிகங்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன; சிறியவை குறையக் குறையப் பெரியவை மேலும் பெரிதாகின்றன. எங்கள் ஊரில் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொடியுப்பு தண்ணீரில் போட்ட உடனே கரைந்துவிடும். அதே எடையுள்ள கல்லுப்பு பானையின் அடியில் நெடுநேரம் கிடக்கும். பிளேட்டின் மேல் கல்லுப்பாக இறுகிவிட்ட சல்பேட்டைத்தான் சல்ஃபேஷன் என்கிறோம். அது மின்சாரத்தைக் கடத்தாது. பிளேட்டின் நுண்துளைகளையும் அடைத்துவிடும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, நிற்கும் பேட்டரி முழு சார்ஜுக்கு அருகிலேயே இருக்கும்வரை பெரிய படிகம் வளர்வதற்கான சரக்கே பிளேட்டில் இராது. மூடிய வகை பேட்டரி, எதனுடனும் இணைக்கப்படாமல் ஓய்வில் இருக்கும்போது 12.8 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது என்று பொருள், 12.4 என்றால் ஏறக்குறைய கால்பங்கு இறங்கிவிட்டது, 12.0 என்றால் கால்பங்குதான் மிச்சம். 12.4-க்குக் கீழே போக விடுவதில்லை என்பதை நாங்கள் எல்லைக்கோடாக வைத்துக்கொண்டோம். இரண்டாவது, சல்பேட் கரையும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்கு மேல் எவ்வளவு மின்சாரத்தைத் திணித்தாலும் அது சல்பேட்டை மாற்றாமல் ஆசிட்டில் உள்ள தண்ணீரைப் பிரிக்கவும் பேட்டரியைச் சூடாக்கவுமே செலவாகும். மூடிய பேட்டரியில் இழந்த தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. சிறிய சார்ஜரும் நீண்ட நேரமும் வேண்டும் என்று சொல்வதன் காரணம் இவ்வளவுதான்.

முதல் பயணத்தின்போது அப்பா ஞாயிறுதோறும் பைக்கைக் கிளப்பி, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைத்தார். பலரும் செய்வது இதுதான். செல்ஃப் போடுவதால் பேட்டரி மேலும் இறங்கிவிடும் என்பது இதற்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது அவ்வளவு சரியல்ல. ஸ்டார்ட்டர் மோட்டார் 80 ஆம்பியர் இழுத்தாலும் அது இரண்டு விநாடிக்கே, கணக்கிட்டால் 0.05 ஆம்பியர்-மணிகூட ஆகாது. உண்மையான குறை வேறு. 2017 ஏப்ரலுக்குப் பிறகு விற்கப்பட்ட இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஐட்லிங் வேகத்தில் எஞ்சின் உற்பத்தி செய்யும் மின்சாரத்தின் பெரும்பகுதி அந்த விளக்குக்கும் இக்னிஷனுக்கும் போய்விடுகிறது; மிச்சமாகும் சிறிதளவே பேட்டரிக்குச் சேர்கிறது. அதைவிட முக்கியமானது, பேட்டரியின் கடைசி ஐந்தில் ஒரு பங்கு மிக மெதுவாகத்தான் நிரம்பும் என்பது. எவ்வளவு நல்ல சார்ஜராக இருந்தாலும் அந்தப் பகுதிக்குப் பல மணி நேரம் தேவைப்படும். பத்து நிமிடம் அதற்கு எந்த வகையிலும் ஈடாகாது. ஆகவே வண்டி ஒவ்வொரு வாரமும் கிளம்பும். ஆனால் பேட்டரி மாதக்கணக்கில் 12.3, 12.2 என்ற அளவிலேயே நின்று, கல்லுப்பு வளர்வதற்குத் தோதாக இருக்கும். “வண்டிதான் ஸ்டார்ட் ஆகுதுல்லா, பொறவு என்ன?” என்று அப்பா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஆறாவது மாதம் செல்ஃப் இழுக்கத் திணறியபோதுதான் மல்டிமீட்டர் வாங்கினேன். வாரம் ஒருமுறை 20 கிலோமீட்டர் சாலையில் ஓட்டிவர ஆள் இருந்தால் நிலைமை வேறு. அப்போது வேறு எந்த ஏற்பாடும் பெரும்பாலும் வேண்டியதில்லை. நின்ற இடத்தில் ஓடவிடுவதை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது பேட்டரியை நிரப்புவதில்லை. சைலன்சரிலும் எஞ்சின் ஆயிலிலும் ஈரம் சேர்வது தனிக்கேடு.

இரண்டாவது வழி, எதையும் செய்யாமல் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுவது. செலவில்லாத வழி என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும். சாவியை எடுத்த பிறகும் எங்கள் பைக்கில் கடிகாரத்துக்கும் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குமாக 2 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளக்கும் நிலையில் வைத்தால் இதை யாரும் பார்க்கலாம். அந்நேரம் சாவியைத் திருப்பிவிடக் கூடாது, திருப்பினால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். 2 மில்லி ஆம்பியர் என்பது மாதத்துக்கு 1.44 ஆம்பியர்-மணி. இதனுடன் பேட்டரி தானாக இழப்பதும் சேரும். இவ்வகை பேட்டரிகள் 25 டிகிரி வெப்பத்தில் மாதத்துக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு இழக்கின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். எங்கள் ஊர் வெயிலுக்கு மாதம் 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், இணைப்பிலேயே இருக்கும் பேட்டரி மாதந்தோறும் ஐந்தில் ஒரு பங்கை இழந்து ஐந்தாவது மாதத்தில் காலியாகிவிடும். கழற்றி வைத்தாலோ ஆறு மாதத்தில் 30 விழுக்காடுதான் குறையும். முழுதாக நிரப்பிக் கழற்றியிருந்தால் 12.4-ஐ ஒட்டி வந்து நிற்கும். வண்டியில் ஜிபிஎஸ் கருவி பொருத்தியிருந்தால் இழுப்பு 10 மில்லி ஆம்பியரைத் தொடக்கூடும். அப்படியானால் மாதத்துக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல் போய், ஒரே மாதத்தில் பேட்டரி படுத்துவிடும்.

கழற்றி வைப்பது இழப்பைக் குறைக்குமே தவிர, இழந்ததைத் திருப்பித் தராது. மூன்று ஆண்டு ஓடிய பேட்டரி இந்தக் கணக்கைவிட வேகமாக இறங்கும். எனவே நடுவில் ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றத்தான் வேண்டும். இங்கேதான் எந்தச் சார்ஜர் என்ற கேள்வி வருகிறது.

பேட்டரிக் கடையில் கொடுத்து ஏற்றுவது எளிது; ஆனால் அங்கே பெரும்பாலும் கார், லாரி பேட்டரிகளுக்கான பெரிய சார்ஜர்தான் இருக்கும். 9 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு உரிய மின்னோட்டம் அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.9 ஆம்பியர். பல பேட்டரிகளை வரிசையாக இணைத்து 4 அல்லது 5 ஆம்பியரில் ஓட்டும் இடத்தில் நம்முடைய சிறிய பேட்டரியும் அதையே ஏற்க வேண்டியிருக்கும். முன்பே சொன்னதுபோல, கரையும் வேகத்துக்கு மேல் வருவதெல்லாம் வாயுவாகவும் சூடாகவும் வீணாகும். பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். சில நாட்களில் அதன் வயிறு லேசாக உப்பியிருப்பதும் தெரியும். சிறிய பேட்டரிகளுக்கெனத் தனிச் சார்ஜர் வைத்திருக்கும் கடையாக இருந்தால் இந்த அச்சம் இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

வீட்டில் கிடைப்பவற்றை வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரை இணைத்தால் எதுவும் ஏறாது. நிறைந்த பேட்டரியே 12.8 வோல்ட் என்னும்போது 12 வோல்ட் அதற்குள் போக முடியாது, பேட்டரியிலிருந்து அடாப்டருக்குள் திரும்பி ஓடவும் கூடும். ட்ரான்ஸ்ஃபார்மரும் நான்கு டயோடுகளும் மட்டுமே உள்ள பழைய வகைச் சார்ஜர் ஏற்றும். ஆனால் நிறைந்த பிறகும் நிறுத்தாமல் 15, 16 வோல்ட் வரை தள்ளிக்கொண்டே போகும். அதை மணிக்கொருமுறை மீட்டர் வைத்துப் பார்த்து, 14.4 தொட்டதும் அணைக்க ஆள் வேண்டும். இன்னொரு பழைய வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: 230 வோல்ட் லைனில் நேரடியாக ஒரு குண்டு பல்பையும் டயோடையும் தொடராக வைத்து பேட்டரியில் கொடுப்பது. சார்ஜ் ஏறுவது உண்மை. ஆனால் அந்த பேட்டரியின் டெர்மினல், அது வண்டியில் இருந்தால் வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும், வீட்டு லைனின் பகுதியாகிவிடுகிறது. தொட்டவர் உயிர் போகும். அதை ஒரு வழியாகவே நான் கணக்கில் கொள்ளவில்லை.

மிச்சமிருப்பது 0.8 அல்லது 1 ஆம்பியர் தரும் சிறிய தானியங்கிச் சார்ஜர். இது முதலில் தன்னால் இயன்ற முழு மின்னோட்டத்தையும் கொடுக்கும்; 14.4 வோல்ட் எட்டியதும் அங்கேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டு, பேட்டரி தானாக இழுப்பதைக் குறைத்துக்கொள்ள விடும், இழுப்பு 0.1 ஆம்பியர் அளவுக்கு இறங்கியதும் 13.6 வோல்ட்டுக்குத் தாழ்ந்து காவல் நிற்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிரம்புவது நடுவில் உள்ள அந்தக் கட்டத்தில்தான். இந்தச் சார்ஜரையும் இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம்: ஆறு மாதமும் இணைத்தே வைப்பது, அல்லது மாதம் ஒருமுறை ஒரு நாள் மட்டும் இணைப்பது. என் ஒப்பீட்டில் நெருக்கமான போட்டி இவை இரண்டுக்கும் இடையில்தான்.

இணைத்தே வைப்பதன் நன்மை, யாரும் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பது. ஜிபிஎஸ் கருவியோ திருட்டு எச்சரிக்கைக் கருவியோ இயங்கிக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் எங்கள் நிலைமையில் அதற்கு இரண்டு இடைஞ்சல்கள் இருந்தன. காவல் நிற்கும் 13.6 வோல்ட் என்பது 25 டிகிரிக்குக் கணித்தது. வெப்பம் கூடக்கூட பேட்டரிக்குத் தேவையான வோல்ட் குறையும், 35 டிகிரியில் 0.2 முதல் 0.3 வோல்ட் வரை குறைத்தாக வேண்டும். விலை குறைந்த சார்ஜர்களில் வெப்பம் அறியும் ஏற்பாடு இல்லாததால், தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் அது மாதக்கணக்கில் தேவைக்கு மேல் தள்ளிக்கொண்டே இருந்து, உள்ளே உள்ள ஈரத்தை மெல்ல வற்றச் செய்யும். இன்னொன்று மின்வெட்டு. சில சார்ஜர்கள் மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. சிலவற்றில் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் இயங்கும், அதுவரை சும்மா இருப்பதோடு, சிறிதளவு மின்சாரத்தை பேட்டரியிலிருந்தே இழுக்கவும் செய்யும். வாங்கியவுடன் ஒருமுறை சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தால் நம்முடையது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

ஆகவே நாங்கள் தேர்ந்தது மற்றதை. தம்பி கிளம்புவதற்கு முந்தின நாள் பேட்டரியைக் கழற்றி, வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலையில், நெல்லி மரத்தை ஒட்டிய அறையில் வைத்துவிடுகிறோம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்; இந்த வரிசையை மாற்றினால் ஸ்பேனர் பிளஸிலும் சட்டத்திலும் ஒருசேரப் பட்டுத் தீப்பொறி பறக்கும். டெர்மினல்களைத் துடைத்து வாஸ்லின் தடவுகிறோம், கடற்காற்றில் இது அவசியம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா மீட்டரை வைத்துப் பார்த்து, எண்ணைக் காலண்டரில் எழுதிவிட்டு, கிளிப்புகளை மாட்டிய பிறகே சுவிட்சைப் போடுகிறார். மறுநாள் காலை சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்புகளை எடுக்கிறார். சன்னல் திறந்திருக்கும். 12.6-இல் இருந்து நிறைவதற்கு ஏழெட்டு மணி நேரமே போதும். ஒரு நாள் முழுக்க வைப்பது அந்தக் கடைசிப் பகுதி மிச்சமில்லாமல் நிரம்ப வேண்டும் என்பதற்காக. எடுத்தவுடன் காட்டும் 13-க்கு மேற்பட்ட எண்ணை நம்பக் கூடாது. அது பிளேட்டின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ். பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 12.8-க்குக் குறையாமல் இருந்தால்தான் அது உண்மையான நிறைவு.

இந்த முறைக்கு வருவதற்கு முன் ஒரு பேட்டரியைப் பறிகொடுத்தோம். சல்ஃபேஷன் எப்படி இருக்கும் என்று அதில்தான் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது பயணத்தின்போது அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லாததால் பைக்கை யாரும் கவனிக்கவில்லை, மைனஸும் கழற்றப்படவில்லை. ஏழாவது மாதம் மீட்டர் 8.9 வோல்ட் காட்டியது. தானியங்கிச் சார்ஜர் சிவப்பு விளக்கைச் சிமிட்டிவிட்டு நின்றுகொண்டது. பல சார்ஜர்கள் இவ்வளவு தாழ்ந்த பேட்டரியை ஏற்பதில்லை. கடையில் கொடுத்தோம். மாலையில் 13.1 வோல்ட்டுடன் திரும்பி வந்தது, மறுநாள் காலை 12.1, மூன்றாம் நாள் 11.6. செல்ஃப் பட்டனை அழுத்தினால் ரிலே மட்டும் டிக்கென்றது. பொய்யான நிறைவின் அடையாளம் இதுதான்: வோல்ட் சட்டென்று ஏறும், உள்ளே மின்சாரம் போயிருக்காது, எடுத்ததும் மளமளவென்று இறங்கும்.

நண்பர் ஒருவரின் பணிமேசையில் வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியே வரையறுக்கும் பவர் சப்ளை இருந்தது. 14.4 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று வரம்பு வைத்து இணைத்தோம். முதல் ஒரு மணி நேரம் பேட்டரி இழுத்தது வெறும் 0.04 ஆம்பியர். இரவு பத்து மணிக்கு 0.12. மறுநாள் பிற்பகல் வரம்பான 0.3-ஐத் தொட்டது. சாதாரண பேட்டரி சார்ஜ் ஏற ஏறக் குறைவாக இழுக்கும்; இதுவோ நேரம் செல்லச் செல்லக் கூடுதலாக இழுத்தது. இறுகிய சல்பேட் கரைந்து பிளேட் திறந்துகொடுப்பதன் அறிகுறி அது. ஒரு நாள் முழுக்க வைத்தும் இழுப்பு ஏறவே இல்லையென்றால் அந்த பேட்டரியைக் கைவிட வேண்டியதுதான். நாங்கள் மொத்தம் மூன்று நாள் வைத்தோம். ஓய்வில் 12.6 வோல்ட் நின்றது. பிறகு 10 வாட் இண்டிகேட்டர் பல்பை இணைத்து, 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை எரியவிட்டோம். அந்த பல்பு 0.8 ஆம்பியர் அளவு இழுக்கும் என்பதால் நல்ல பேட்டரி பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டும். இது ஆறு மணி நேரத்தில் அடங்கியது. அதாவது மூன்று நாள் உழைத்துத் திரும்பக் கிடைத்தது பாதியைச் சற்றுத் தாண்டிய கொள்ளளவு. அதை வைத்து எட்டு மாதம் ஓட்டிவிட்டுப் புதிதாக வாங்கினோம்.

அதனால்தான் சல்ஃபேஷனை நீக்கும் என்று விற்கப்படும் துடிப்புமுறைச் சார்ஜர்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க நான் தயங்குகிறேன். மெதுவான சார்ஜே கரைப்பதை அவை கூடுதலாக எவ்வளவு கரைக்கின்றன என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்த முறையில் வோல்ட் 15-க்கு மேல் போகும் சார்ஜராக இருந்தால், பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றாமல் பயன்படுத்தவே கூடாது. எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி அதைத் தாங்கும் என்று உறுதியில்லை. லித்தியம் பேட்டரி உள்ள வண்டிகளுக்கு அந்த முறை அறவே ஆகாது.

மூடி திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் பழைய வகை பேட்டரி உள்ளவர்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்; ஆனால் அது தானாக இழப்பது அதிகம் என்பதால் மாதம் ஒருமுறை என்பதை மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று கொள்ளலாம். நிறைந்த பேட்டரியில் 12.8-க்குப் பதில் 12.6 அல்லது 12.7-ஐ எதிர்பார்க்க வேண்டும். தண்ணீரின் மட்டத்தைச் சார்ஜ் முடிந்த பிறகே நிரப்ப வேண்டும். முன்பே நிரப்பினால் வாயு எழும்போது ஆசிட் பொங்கி வழியும்.

வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் இல்லை, மாதாமாதம் பார்க்கவும் ஆள் இல்லை என்பவர்கள் முழுதாக நிரப்பிக் கழற்றி வைத்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு முறை, மூன்றாவது மாதம், உறவினரோ அண்டை வீட்டாரோ ஒரு நாள் சார்ஜரில் போட ஏற்பாடு செய்தால்கூடப் புதிய பேட்டரி 12.6-க்குக் கீழே இறங்காது. தம்பியின் இப்போதைய பேட்டரி நான்காவது ஆண்டில் இருக்கிறது. சென்ற முறை அவன் இறங்கி வந்த அன்று, காலண்டரில் அப்பா கடைசியாக எழுதியிருந்த எண் 12.7. மாட்டி செல்ஃப் போட்டபோது மீட்டர் 10.6 வரை தாழ்ந்து மீண்டது. 10-க்குக் கீழே போயிருந்தால் கடைக்குப் போயிருப்போம்.